செம்பூராங்கல் மேலே ஏறிய கதை

அந்தக் கல் எங்கள் வீட்டுக்கு வந்தது சுவராகத்தான். புதுக்கோட்டைப் பக்கம் பழைய சுற்றுச்சுவர்களெல்லாம் செம்பூராங்கல்லில் கட்டியவை. மண்ணுக்குள் இருக்கும்வரை வெட்டுவதற்கு இதமாக இருந்து, வெளியே எடுத்துக் காற்றுப்பட்டதும் இறுகிப்போகும் கல். உடம்பெல்லாம் ஓட்டை. எங்கள் சுவர் இடிந்தபோது மற்றவை நொறுங்கிப் பாதைக்குக் கொட்டப்பட்டன. ஒன்று மட்டும், மேலே அகன்று கீழே கூம்பி, பம்பரம் மாதிரி உடைந்து நின்றது. உயரம் 30 செ.மீ., மேல்வாய் 25 செ.மீ., எடை பத்துக் கிலோ இருக்கும். அதை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி காற்றில் பறக்காமலிருக்க மேலே தூக்கி வைத்திருந்தோம். ஆறு வருடம் அங்கேயே கிடந்தது.

இன்று அதே கல் கூடத்துச் சுவரில், மேகக் கடலுக்கு மேலே, முந்நூறு மீட்டர் உயரமுள்ள தீவாக மிதந்துகொண்டிருக்கிறது. இடையில் அது பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

மிதக்கும் பாறை புதிய கற்பனை ஒன்றுமில்லை. பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரித் 1959இல் கடலுக்கு மேலே ஒரு பெரும்பாறையை அந்தரத்தில் நிறுத்தி, அதன் உச்சியில் கோட்டை வைத்து வரைந்தார். ‘பிரனீஸ் கோட்டை’ என்ற அந்த ஓவியம் எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புகைப்படத்தில் அமெரிக்கரான ஜெரி யூல்ஸ்மன் 1969இல் வேரோடு ஒரு மரத்தை நீருக்கு மேலே மிதக்கவிட்டார். இருட்டறையில் பல என்லார்ஜர்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நெகடிவைச் சொருகி, ஒரே காகிதத்தை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்த்தி நகர்த்தி அச்செடுப்பார். நமக்கு ஃபோட்டோஷாப்பில் லேயர் இருக்கிறது. அதனாலேயே நாம் அவரைவிட அலட்சியமாக வேலை செய்கிறோம் என்பது என் எண்ணம்.

என் முதல் முயற்சியில் இந்தக் கல்லுக்கு இடமே இல்லை. தீவின் அடிப்பாகத்துக்கு நார்த்தாமலைக் குன்று ஒன்றின் படத்தை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தேன். இணையத்தில் பாதிப்பேர் செய்வது அதுதான். வடிவம் அழகாக வந்தது. ஆனால் பார்க்கிறவர்கள் ஒரு கணம் முகத்தைச் சுளித்தார்கள், காரணம் சொல்லத் தெரியவில்லை. காரணம் வெளிச்சம். குன்றை எடுத்தது உச்சிவெயிலில். பாறையின் ஒவ்வொரு மேடும் மேல்முகத்தில் வெளுத்து, கீழ்முகத்தில் கறுத்திருந்தது. கவிழ்த்ததும் வெளுப்பு கீழே வந்துவிட்டது. வெளிச்சம் மேலேயிருந்து வரும் என்று நம்பியே பழகிய கண், அதைக் கீழிருந்து அடிக்கும் விளக்காக ஏற்பதில்லை. மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் மாற்றிப் படித்துக் குழம்பிப் போகிறது. மேகமூட்டத்தில் எடுத்த குன்றாக இருந்தால் ஓரளவு தப்பிக்கலாம். சூரியன் அடிவானத்தை ஒட்டி, பக்கவாட்டில் இருக்கும்போது எடுத்ததும் தேறும். அதைக்கூட மேல்கீழாகத்தான் கவிழ்க்க வேண்டும். 180 பாகை சுழற்றினால் இடப்பக்க வெயில் வலப்பக்கத்துக்குப் போய்விடும்.

குன்றைக் கைவிட்ட அன்று மாலை தொட்டியை எட்டிப் பார்க்கப் போனபோதுதான் மூடி மேல் பம்பரக்கல் கண்ணில் பட்டது. கவிழ்க்கவே வேண்டாத மலை. உடனே சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒரு முழம் தள்ளி நின்று, கைப்பேசியில் படம் எடுத்து, வெட்டி வானத்தில் ஒட்டினேன். வானத்தில் ஒரு கல் இருந்தது. கல்தான், தீவு இல்லை. எவ்வளவு பெரிதாக இழுத்தாலும் அது பெரிய கல்லாகத்தான் ஆனது.

அந்தத் தோல்வியை நினைத்துக்கொண்டு பல நாள் இருந்தேன். ஒரு பொருளின் அளவு அதன் உருவத்தில் மட்டும் இருப்பதில்லை, அதை எங்கே நின்று பார்த்தோம் என்பதிலும் இருக்கிறது. ஒரு முழத் தூரத்திலிருந்து, மேலிருந்து குனிந்து பார்த்தால் முன்பக்கம் புடைத்துக்கொண்டு தெரியும், மேல்முகம் முழுசாகத் தெரியும். எந்த மனிதனும் எந்த மலையையும் அப்படிப் பார்த்ததில்லை. அப்படியானால் கல்லைப் பெரிதாக்குவதில் பயனில்லை. பார்க்கிறவனைச் சிறிதாக்க வேண்டும்.

எவ்வளவு சிறிதாக்குவது என்பதைப் பின்னணிப் படம்தான் முடிவு செய்தது. மார்ச் மாதம் ஒரு காலை எட்டேகால் மணிக்குக் கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக்கிலிருந்து தெற்கு பார்த்து எடுத்தது. கீழே மேகம் பரவிக் கிடந்தது, எதிரில் ஒரு மலைச்சரிவு, சூரியன் கிட்டத்தட்ட நேர் இடப்பக்கம். 50 மி.மீ. லென்ஸ், 36 மி.மீ. அகல சென்சார், படம் 6000க்கு 4000 பிக்சல். கேமராவை மட்டக்குறி பார்த்துச் சமமாக வைத்திருந்தேன். ஆகவே மூட்டத்தில் அடிவானம் தெரியாவிட்டாலும் அது படத்தின் நட்டநடுவே, 2000ஆவது வரியில் ஓடுகிறது என்பது நிச்சயம். அங்கிருந்த ஒரு கம்பத்தின் நிழலை அடியால் அளந்தேன். நிழல் கம்பத்தைப் போல இரண்டு மடங்கு. சூரியன் சுமார் 26 பாகை உயரத்தில் இருந்தது என்று பொருள்.

எதிர்ச்சரிவு வரைபடத்தில் அளந்தால் இரண்டு கிலோமீட்டர். என் தீவும் அதே தூரத்தில் நிற்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். அதே தூரத்தில் ஒரு நிஜ மலை இருப்பது பிற்பாடு பெரிய உதவியாக இருந்தது. 50 மி.மீ. லென்ஸ் இரண்டு கிலோமீட்டரில் 1440 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 6000 பிக்சலால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 24 செ.மீ. முந்நூறு மீட்டர்த் தீவு 1250 பிக்சல் வரும், அதாவது படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. என் கல்லோ 30 செ.மீ. ஆயிரத்தில் ஒன்று.

கல் ஆயிரத்தில் ஒன்று என்றால் எல்லாமே ஆயிரத்தில் ஒன்றாக வேண்டும். இரண்டு கிலோமீட்டர் இரண்டு மீட்டராகும். தீவின் கீழ்நுனி என் கண்மட்டத்துக்கு 60 மீட்டர் மேலே நிற்க வேண்டுமென்றால், கல்லின் நுனி லென்ஸுக்கு 6 செ.மீ. மேலே தொங்க வேண்டும். அதே லென்ஸ், அதே சமமான கேமரா. இதில் ஒரு லாபம் தானாகக் கிடைத்தது. இப்படி எடுத்த கல் படத்தில் கிட்டத்தட்ட 1250 பிக்சல்தான் வரும், நுனி அடிவான வரிக்கு 250 பிக்சல் மேலே நிற்கும். பெரிதாக்கவோ நகர்த்தவோ ஒன்றுமில்லை. இரண்டு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் போதும்.

அடுத்த வாரமே மொட்டைமாடியில் ஏணியைத் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்குமாகக் குறுக்கே போட்டு, கல்லின் மேல்வாயில் கட்டுக்கம்பி சுற்றித் தொங்கவிட்டேன். அதே எட்டேகால் மணி. கைப்பேசியில் திசை பார்த்துக் கேமராவைத் தெற்கே திருப்பினேன். படத்தின் நடுவில் இல்லாமல் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளித் தொங்கவிட்டதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். மாடித் தரை வெயிலுக்காக வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தது. கீழே வெண்மேகம் பரவியிருந்தால் தீவின் அடிவயிற்றில் எப்படி வெளிச்சம் ஏறுமோ அப்படியே சுண்ணாம்புத் தரை கல்லின் அடிவயிற்றில் ஏற்றிக் கொடுத்தது. மிதக்கும் தீவு செய்கிறவர்கள் அடிப்பாகத்தை மை பூசியதுபோலக் கறுப்பாக்கிவிடுவார்கள். அந்தரத்தில் நிற்கும் பொருளுக்கு அடியில் தரை தொடாததால், அங்கே அவ்வளவு இருட்டுக்கு வழியே இல்லை.

ஏன் வெயிலில், ஏன் விளக்கு வைத்து வீட்டுக்குள் எடுக்கவில்லை என்று நண்பர் கேட்டார். சூரியனின் அகலம் வானத்தில் அரை பாகை. அதனால் நிழலின் ஓரம் எவ்வளவு கலங்கும் என்பது நிழல் விழும் தூரத்தைப் பொறுத்தது: தூரத்தில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. கல்லில் பத்து செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பின் நிழல் ஒரு மி.மீ. கலங்கும். மலையில் நூறு மீட்டர் விளிம்பின் நிழல் ஒரு மீட்டர் கலங்கும். விகிதம் ஒன்றேதான். சூரியன் கல்லுக்கும் மலைக்கும் பேதம் பார்ப்பதில்லை. ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு முழ அகல விளக்கை வைத்தால் விகிதம் உடனே கெடும். நிழல் ஓரம் பஞ்சாகிப் பொருள் பொம்மையாகிவிடும்.

மலைக்கும் கல்லுக்கும் பேதம் காட்டுவது இன்னொன்று, ஃபோகஸ். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மலையில் முன்பக்கம் தெளிவு, பின்பக்கம் மங்கல் என்று ஒன்று கிடையாது. சிறு பொருளைக் கிட்டத்தில் எடுத்தால் உண்டு, அதைப் பார்த்ததும் கண் ‘சின்னது’ என்று தீர்ப்புச் சொல்லிவிடும். இரண்டு மீட்டரில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 11இல் வைத்தால் ஏறக்குறைய 1.6 மீட்டரிலிருந்து 2.7 மீட்டர்வரை தெளிவாக இருக்கும். கல்லுக்கு அது தாராளம்.

கணினியில் திறந்து பார்த்தபோது செம்பூராங்கல்லின் ஓட்டைகளே வேலையைப் பாதி முடித்திருந்தன. ஒரு செ.மீ. துளை பத்து மீட்டர்க் குகையாகிவிட்டது. ஒட்டியிருந்த மணல் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் உருண்டைப் பாறை. காய்ந்த பாசி புதர்க்காடு. வழவழப்பான கருங்கல்லாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஆயிரம் மடங்கு பெரிதாகும்போது காட்டுவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். வலப்பக்கக் குகை ஒன்றின் வாசலில் ஓர் எறும்பு நின்றிருந்தது. அரை செ.மீ. எறும்பு; தீவுக்கணக்கில் ஐந்து மீட்டர். மனமில்லாமல் அழித்தேன்.

அடுத்தது தீவின் மேல்தளம். அங்கேதான் பெரும்பாலான மிதக்கும் தீவுகள் விழுகின்றன. பச்சைப் புல்வெளி, நடுவில் வீடு, அதற்குப் போகும் பாதை என்று மேல்தளத்தை முழுசாகக் காட்டுவார்கள். கூடவே அடிப்பாகத்தையும் அண்ணாந்து பார்த்ததுபோலக் காட்டுவார்கள். இரண்டும் ஒரு கண்ணுக்குத் தெரியாது. ஒரு தளம் அடிவானக் கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் அதன் மேல்முகம் தெரியும். மேலே இருந்தால் விளிம்பு மட்டும்தான். என் தீவின் மேல்தளம் கண்மட்டத்துக்கு 360 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே புல் இருக்கிறதா, பொட்டலா என்று எனக்கே தெரியாது. மக்ரித்தும் பாறை உச்சியில் கோட்டையைத்தான் காட்டினார், அதன் முற்றத்தைக் காட்டவில்லை.

விளிம்புக்கு மேலே எட்டிப் பார்ப்பது எதுவாக இருக்கலாம்? பனை. உயரம் எல்லோருக்கும் தெரிந்த மரம் என்பதால் பார்த்ததும் தீவின் அளவு பிடிபட்டுவிடும். எங்கள் கண்மாய்க் கரையில் ஏழெட்டுப் பனை வரிசையாக நிற்கிறது. தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் நூறு மீட்டர் இறங்கி நின்று, அதே காலை வெயிலில், கரையை அண்ணாந்து எடுத்தேன். இருபது மீட்டர்ப் பனையின் தலையை நூறு மீட்டரிலிருந்து பார்த்தால் 11 பாகை அண்ணாக்க வேண்டும். தீவின் மேல்தளத்தை இரண்டு கிலோமீட்டரிலிருந்து பார்த்தால் 10 பாகை. போதுமான பொருத்தம். கரையின் புல்விளிம்பு பனையின் தூரை மறைத்திருந்தது. அந்தப் புல்விளிம்பையும் சேர்த்தே வெட்டித் தீவின் உதடாக்கினேன். கட்டுக்கம்பியும் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

ஆனால் கணக்குப்படி இருபது மீட்டர்ப் பனை படத்தில் 83 பிக்சல்தான் வர வேண்டும். 1660 பிக்சல் பனையை இருபதில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டியிருந்தது. கை கூசியது. கஷ்டப்பட்டு மட்டை மட்டையாக வெட்டிய மரத்தைத் தீக்குச்சியளவு ஆக்க யாருக்குத்தான் மனம் வரும்? கொஞ்சம் பெரிதாக, இருநூறு பிக்சலில் வைத்துப் பார்த்தேன். தீவு அந்தக் கணமே சுருங்கித் தோட்டத்துப் பாறையானது. 83க்கு இறக்கினேன், தீவு நிமிர்ந்தது. சுருக்கிய படம் ஊசிமுனைபோலக் கூர்மையாகிவிடும் என்பதால் அரை பிக்சல் அளவுக்கு மங்கலாக்கி, பின்னணிப் படத்தில் இருக்கும் புள்ளிப் புள்ளியான இரைச்சலை அதன் மேலும் தூவினேன். இந்த அளவில் ஒரு மனிதன் ஏழு பிக்சல். யாரையும் ஏற்றவில்லை.

அருவி? மிதக்கும் தீவென்றால் ஓர் அருவி கொட்ட வேண்டும் என்பது சம்பிரதாயம். நானும் கொடைக்கானல் மலைப்பாதையில், பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம் நின்று, எலிவால் அருவி என்கிற தலையாறு அருவியை எடுத்து வைத்திருந்தேன். 297 மீட்டர் அருவி. கணக்குப்படி வைத்தால் தீவின் முழு உயரத்துக்கும் வழியும். ஒட்டிப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை. 250 மீட்டர் குறுக்களவுள்ள தட்டில் வருடத்துக்கு ஆயிரம் மி.மீ. மழை பெய்து, ஒரு சொட்டுக்கூட ஆவியாகாமல் வழிந்தாலும் நொடிக்கு ஒன்றரை லிட்டர்தான் வரும். எங்கள் வீட்டு மோட்டார் கிட்டத்தட்ட அவ்வளவு இறைக்கும். கல் மிதப்பதை நம்பச் சொல்கிறவன் தண்ணீர்க் கணக்கில் பொய் சொல்லக்கூடாது என்று தோன்றியது. காலையில் அருவி லேயரை நீக்கிவிட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் தீவு காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோலத் துருத்திக்கொண்டு நின்றது. ஆயிரத்தில் ஒன்றாகச் சுருக்க முடியாத ஒன்று பாக்கி இருந்தது: காற்று. இரண்டு மீட்டர்க் காற்றில் மூட்டம் கிடையாது; இரண்டு கிலோமீட்டர்க் காற்றில் உண்டு. அதைக் கையால்தான் ஊற்ற வேண்டும். எவ்வளவு ஊற்றுவது என்பதற்குப் பழைய விதி ஒன்று இருக்கிறது. இருபது கிலோமீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத காலையில், இரண்டு கிலோமீட்டரில் ஒரு பொருளின் கறுப்பு வெளுப்பு வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். மீதி மூட்டத்தின் நிறம். அடிவானத்தை ஒட்டிய நிறத்தை எடுத்தேன். சிவப்பு 178, பச்சை 196, நீலம் 214. அதை ஒரு லேயராகத் தீவின் மேல் 32 சதவீதம் பரப்பினேன்.

கணக்கு தொடக்கம் மட்டுமே. நீதிபதி எதிர்ச்சரிவு. அதன் மிக இருண்ட நிழலைத் தொட்டுப் பார்த்தால் 58, 70, 88. என் தீவின் மிக இருண்ட குகை 62, 68, 73. சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்டன, நீலம் பதினைந்து குறைந்தது. தூரத்து நிழல்களில் வந்து கலக்கும் காற்றொளி அடிவானத்து வெண்மையைவிட நீலமானது. வெளிச்சம் பட்ட முகங்களில் இந்த வேறுபாடு அவ்வளவு தெரியாது. ஆகவே கர்வ்ஸில் நீலத்தின் அடிமுனையை மட்டும் பதினைந்து தூக்கினேன், மேல்முனையைத் தொடவில்லை. செம்பூராங்கல்லின் செம்மை அப்போதுதான் அடங்கியது. ரத்தச் சிவப்பாக இருந்தது, பழைய ஓட்டு நிறமாகித் தூரத்துக்குப் போய் நின்றது. மேகத்துக்கு அருகில் மூட்டம் கூடுதல், உயரே குறைவு என்பதால் கீழ்நுனியில் சற்று அதிகமாகவும் பனையருகே குறைவாகவும் மாஸ்கில் சரித்துவிட்டேன். பனைகளும் இதே லேயருக்கு அடியில்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மூட்டம் போட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரத்துக்குப் போய்விடும்.

கல்லை இடப்பக்கம் தள்ளித் தொங்கவிட்ட காரணம் நிழல். தீவின் நிழலை நேர் கீழே ஒரு கறுப்பு வட்டமாகப் போடுவது வழக்கம்; அது உச்சிவெயிலுக்கு மட்டும் பொருந்தும். மேகத்தின் மேற்பரப்பை என் கண்மட்டத்துக்கு 240 மீட்டர் கீழே என்று மதிப்பிட்டேன். தீவின் நுனி அதிலிருந்து 300 மீட்டர் உயரம். சூரியன் 26 பாகையில் இருந்தால் நுனியின் நிழல் 600 மீட்டர் வலப்பக்கம் விழும், படத்தில் 2500 பிக்சல் தள்ளி, அடிவான வரிக்கு 1000 பிக்சல் கீழே. தீவின் மேல்பாகத்தின் நிழல் படத்தைத் தாண்டியே போய்விடும். ஆக, மேகத்தின் வலது மூலையில் ஒரு மங்கலான நீலத் தடம், அது ஓரத்தில் அறுந்துபோகிறது. மேகம் தரைபோல் கெட்டியல்ல, வெளிச்சம் உள்ளே புகுந்து கலையும். அதனால் ஓரங்களை நன்றாகக் கலைத்து, இருட்டையும் லேசாகவே வைத்தேன். பார்க்கிறவர்களில் பத்துக்கு ஒருவர்தான் அதைக் கவனிக்கிறார். ஆனால் அந்த லேயரை அணைத்துவிட்டுக் காட்டினால் பத்துப் பேரும் ‘என்னமோ குறையுது’ என்கிறார்கள்.

20 அங்குல அகலத்தில் அச்சடித்து, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். கல்லை அவிழ்த்துத் தொட்டி மூடி மேல் பழையபடி வைத்தாயிற்று. கட்டுக்கம்பி சுற்றிய தடம் மட்டும் மேல்வாயில் துருவாக இருக்கிறது.

போன வாரம் பெரியம்மா வந்திருந்தார். மாடியில் வற்றல் காயப்போட்டுவிட்டு, காக்கைக்குப் பயந்து அந்தக் கல்லையே எடுத்துத் துணியின் முனையில் வைத்துவிட்டுத்தான் கீழே இறங்கினார். படத்தின் முன் நின்று, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இது நம்ம கண்மாய்க் கரைதானேடா? அந்தா, மூணாவது மொட்டைப் பனை.”

“ஆமா பெரியம்மா.”

“கீழ இருக்கிறது என்ன மலை?”

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் அதற்குள் பனைக்கே திரும்பிவிட்டார்.

“இம்புட்டு உசரத்துல கொண்டுபோயி வச்சிருக்கியே, நுங்கு வெட்ட எவன்டா ஏறுவான்?”